வந்தார், மொய் எழுதினார், கை நனைக்கவில்லை

உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொன்னதாக நீங்கள் எழுதியிருந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: "வந்தாக, மொய் எழுதுனாக, கை நனைக்காமப் போயிட்டாக." மகள் கல்யாணத்துக்குச் சொந்த அண்ணன் வந்திருக்கிறார், பணமும் கொடுத்திருக்கிறார், அப்புறம் ஏன் அந்த அம்மா கண் கலங்கினார் என்று கேட்டிருந்தீர்கள். அகராதியில் 'நனை' என்று தேடிப் பார்த்தும் பிடிபடவில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். அகராதியைக் குறை சொல்ல முடியாது. கை நனைத்தல் என்றால் சாப்பிடுதல், அவ்வளவுதான். ஆனால் எங்கே சாப்பிடுவது, என்ன சாப்பிடுவது, யார் சாப்பிடுவது என்ற மூன்றும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. அதனால்தான் உங்கள் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுதாமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எங்கே என்பது. ஒருவர் தன் வீட்டில் தினமும் மூன்று வேளை சாப்பிடுகிறார். அதை யாரும் கை நனைத்தல் என்று சொல்வதில்லை. ஓட்டலில் காசு கொடுத்துச் சாப்பிடுவதும் கை நனைத்தல் ஆகாது. இன்னொருவர் வீட்டில், அவர்கள் அழைத்து, அவர்கள் பரிமாறிச் சாப்பிட வேண்டும். கல்யாண மண்டபம் அன்றைக்கு அந்த வீட்டாரின் வீடு என்பதால் அதுவும் சேரும். "இன்று மதியம் என் வீட்டில் கை நனைத்தேன்" என்று நீங்கள் எழுதினால் இலக்கணப் பிழை எதுவும் இருக்காது, ஆனால் படிக்கும் தமிழர் ஒரு நிமிடம் விழிப்பார்.

அடுத்து, என்ன சாப்பிட்டால் கை நனையும்? காபி குடித்தால் நனையாது. பிஸ்கட், மிக்சர், ஒரு வாழைப்பழம், இவையும் கணக்கில் வராது. இலை போட்டு, அல்லது தட்டு வைத்து, சோறு பரிமாறி, அதைக் கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். இட்லி, தோசையில் வீட்டுக்கு வீடு கருத்து மாறும். என் அம்மாவைக் கேட்டால் இட்லி சாப்பிட்டாலும் கை நனைத்ததுதான் என்பார். என் அத்தை, சோறு விழாத இலை என்ன இலை என்று கேட்பார். இந்த விளிம்பு தெளிவாக இல்லாததில் ஒரு வசதி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சொல்லின் வடிவத்தையும் கவனியுங்கள், தமிழ் எழுதிப் பழகுகிறீர்கள் என்பதால். 'கை நனைத்தான்' என்றுதான் வரும். 'கை நனைந்தது' என்றால் மழையில் நனைந்தது. 'கைகளை நனைத்தேன்' என்று பன்மையில் சொன்னால் குழாயடியில் நிற்பது போல இருக்கும். சாப்பிடுவது ஒரு கையால், அதனால் ஒருமை. நீங்கள் அதிகம் கேட்கப்போவது எதிர்மறை வடிவங்களைத்தான்: கை நனைக்காமல் போகாதீர்கள், அவர்கள் வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை, செத்தாலும் உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன். சாப்பிட்டபோது பெரிதாகப் பேசப்படாத ஒன்று, சாப்பிடாமல் போனபோது பேச்சாகிறது.

ஏன் 'நனைத்தல்' என்று கேட்பீர்கள். பந்தியில் நடப்பதை வரிசையாக நினைத்துப் பாருங்கள். உட்காருமுன் கை கழுவுகிறோம். நுனி இடப்பக்கம் இருக்கும்படி இலை போடுகிறார்கள். அதில் தண்ணீர் தெளித்து, அதே கையால் துடைத்து விடுகிறோம். உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் எல்லாம் இலையின் மேல்பாதியில் வந்த பிறகு சோறு விழுகிறது. குழம்பு ஊற்றிப் பிசைகிறோம், ரசம் ஓடாமல் விரலால் அணை கட்டுகிறோம், மோர்ச் சோற்றை வழித்து எடுக்கிறோம். முடித்ததும் இலையை நம் பக்கமாக மடித்துவிட்டு எழுந்து மறுபடி கை கழுவுகிறோம். ஆரம்பம் முதல் முடிவு வரை அந்த வலது கை காய்வதே இல்லை. கரண்டியால் சாப்பிடும் ஊரில் இப்படி ஒரு சொல் பிறந்திருக்காது என்று நினைக்கிறேன். வயிறு நிறைந்ததா என்பது இந்தச் சொல்லின் கவலை இல்லை. உன் கை எங்கள் வீட்டுச் சோற்றைத் தொட்டதா, இல்லையா என்பதுதான் கேள்வி. அதனால்தான் "நாலு பருக்கை போதும், கை நனைத்துவிட்டுப் போங்கள்" என்று சொல்ல முடிகிறது.

இனி அந்த அண்ணனுக்கு வருவோம். உங்கள் பக்கத்து வீட்டுக் கதை எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் எங்கள் குடும்பத்திலேயே கிட்டத்தட்ட அதே கதை நடந்திருக்கிறது. எனக்கு உள்ளும் புறமும் தெரிந்தது என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவில் ஒரு கிணறு. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் நிலத்தை இரண்டாக வெட்டிக் கொடுத்தார்கள், கிணற்றை வெட்ட முடியாதே. அதனால் முறை வைத்தார்கள்: மூன்று நாள் எங்கள் வயலுக்குத் தண்ணீர், மூன்று நாள் அவர்கள் வயலுக்கு. மோட்டார் ஒன்றுதான், செலவு பாதிப் பாதி. ஒரு கோடையில் எங்கள் முறையின்போது மோட்டார் காயில் எரிந்துபோனது. உன் முறையில் எரிந்தது, நீதான் கட்ட வேண்டும் என்றார் பெரியப்பா. வோல்டேஜ் குறைந்ததற்கு நான் என்ன செய்வேன், பொதுப் பொருள், பொதுச் செலவு என்றார் அப்பா. மோட்டாரைச் சரிசெய்வதற்குள் இரண்டு பேர் பயிரும் வாடியது. அந்த வாட்டத்தில் சில வார்த்தைகள் விழுந்தன. அவற்றை இங்கே எழுத மாட்டேன். அதற்குப் பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அந்த நிலையில்தான் அக்காவின் கல்யாணம் வந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து அப்பாவும் அம்மாவும் நேரில் போய் அழைத்தார்கள். பெரியப்பா பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெரியம்மா காபி கொடுத்தார், இவர்களும் குடித்தார்கள். காபியோடு நின்றது. சாப்பிட்டுப் போங்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, இவர்களும் எதிர்பார்க்கவில்லை. கிளம்பும்போதே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று பின்னால் சொன்னார்: "வருவாரு. சாப்பிட மாட்டாரு."

அப்படியேதான் நடந்தது. முகூர்த்தத்துக்கு அரை மணி முன்பே பெரியப்பா மண்டபத்துக்கு வந்தார். பட்டுக்கரை வேட்டி, தோளில் துண்டு. பெரியப்பா முறைக்கு என்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தார். மணவறைக்குப் பக்கத்தில் நின்றார், அட்சதை போட்டார், அக்கா காலில் விழுந்தபோது தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். அப்புறம் வாசல் பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் போய்த் தன் பேரைச் சொல்லி மொய் எழுதினார். நெருங்கிய பங்காளி எழுத வேண்டிய தொகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

பந்திக்கு நேரமானதும் முதலில் போய் அழைத்தது அத்தை, அதாவது அவர்கள் இரண்டு பேருக்கும் தங்கை. "காலையிலேயே சாப்பிட்டேன் தாயி" என்றார். அடுத்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், விவரம் தெரியாமல், கையைப் பிடித்து இழுத்தார். அவரிடம் சர்க்கரை நோய், மாத்திரை என்று ஏதோ சொன்னார். கடைசியாக அப்பாவே போனார். வாங்க என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அவருக்கு வரவில்லை. பெரியப்பா பதிலே சொல்லாமல் துண்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தார். அம்மா தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். அதை வாங்கிக்கொண்டார். உள்ளே தேங்காயும் வெற்றிலையும்தானே இருக்கிறது, சோறு இல்லையே.

இங்கேதான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. தம்பி மகளுக்குச் செய்ய வேண்டியதையும் தம்பிக்குச் செய்ய மறுப்பதையும் பெரியப்பா தனித்தனியாகப் பிரித்தார். வராமல் இருந்திருந்தால் அக்காவைத் தண்டித்தது ஆகியிருக்கும், ஊரும் அவரைத்தான் குறை சொல்லும். மொய் எழுதாமல் இருந்திருந்தால் கடன் பாக்கி வைத்தது ஆகும். அவர் வீட்டு விசேஷத்துக்கு அப்பா முன்பு எழுதிய பணம் நோட்டில் இருக்கிறதே. மொய் திரும்பி வரும் பணம். பேர், ஊர், தொகை எழுதி வைப்பார்கள், இப்போது மதுரைப் பக்கம் கம்ப்யூட்டரில் ரசீதே அடித்துக் கொடுக்கிறார்கள். சாப்பாட்டுக்கு அப்படி நோட்டு கிடையாது. எத்தனை இலை விழுந்தது என்று சமையல்காரர் எண்ணுவார், யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று யாரும் எழுதுவதில்லை. கணக்கில் அடைக்க முடியாத இந்த ஒன்றை மட்டும்தான் பெரியப்பா மறுத்தார். தம்பியிடம் மட்டும் சொல்ல வேண்டியதைத் தம்பிக்கு மட்டும் போய்ச் சேரும்படி சொன்னார். அங்கே இருந்த ஐந்நூறு பேரும் அதைப் பார்த்தார்கள் என்பதும் உண்மைதான்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: கை நனைக்காமல் போவது உறவை அறுத்துக்கொள்வது அல்ல. அறுத்துக்கொண்டவர் வரவே மாட்டார். முன்பின் தெரியாத ஒருவர் சாப்பிடாமல் போனால் யாருக்கும் வருத்தம் இல்லை, பசியில்லை போல என்று விட்டுவிடுவார்கள். கை நனைக்க உரிமையும் கடமையும் உள்ளவர் மட்டுமே கை நனைக்காமல் போக முடியும். "எனக்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது, நீ வந்து தீர்க்க வேண்டிய கோபம் அது" என்று சொல்வதற்கு அண்ணன் தம்பிகளுக்கு வேறு நல்ல வழி இல்லை. வாயால் சொன்னால் மறுபடி சண்டை வரும்.

எங்கள் வீட்டில் அது எப்படித் தீர்ந்தது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லின் நுட்பம் அங்கே இன்னும் நன்றாகத் தெரியும். சமாதானம் பேசி யாரும் தீர்க்கவில்லை. அப்பத்தா இறந்துபோனார். கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அம்மாவுக்கு இளைய மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்க வழக்கம் என்பதால் காரியம் அப்பா கையில். மூத்தவர் இல்லாமலும் எதுவும் நடக்காது. பெரியப்பா விடியற்காலையிலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

இறப்பு வீட்டில் அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுடுகாட்டுக்குப் போய் வந்து குளித்த பிறகு சம்பந்தி வீட்டார் சோறு ஆக்கிக் கொண்டு வந்து போடுவார்கள். அன்று அக்காவின் மாமியார் வீட்டிலிருந்து அண்டாவில் சோறும் சாம்பாரும் வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இலை போட்டார்கள். சம்பந்தி வந்து, "மாமா, உட்காருங்க" என்றதும் பெரியப்பா உட்கார்ந்தார், சாப்பிட்டார். இடம் எங்கள் வீடு. சோறு எங்கள் வீட்டுச் சோறு இல்லை. தம்பி வீட்டில் கை நனைத்தேன் என்று அவரும் சொல்ல வேண்டியதில்லை, அண்ணன் கை நனைத்துவிட்டார் என்று அப்பாவும் சொல்லிக்கொள்ள முடியாது. விளிம்பு தெளிவாக இல்லாததில் வசதி இருக்கிறது என்று மேலே சொன்னது இதைத்தான். பத்து நாளைக்கு மேல் இரண்டு பேரும் ஒரே தீட்டில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்களுக்குப் பதில் சொன்னார்கள், கருமாதிக்குச் சாமான் பட்டியல் போட்டார்கள். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. அன்றைக்கு அடுப்பு எங்களுடையது. பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் காரியம் முடிந்ததாக அர்த்தம். தலை இலை மூத்தவருக்கு. அம்மா தானே வந்து சோறு பரிமாறினார். "போதும்மா" என்று பெரியப்பா கையைக் குறுக்கே வைத்தார். போதும் என்று சொல்பவர் சாப்பிடத் தயாராகிவிட்டார் என்று பொருள். அதற்கடுத்த வாரம் அத்தை ஊரில் இருந்தவர்களிடமெல்லாம் போனில் சொன்னது ஒரே ஒரு செய்தி: அண்ணன் கை நனைத்துவிட்டார். மோட்டார் செலவு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பிறகு பெரியப்பா தன் முறை வந்தபோது அந்தச் செலவில் பாதியை அப்பாவுக்குக் கொடுத்தனுப்பினார்.

ஆகவே உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஆறுதல் சொல்ல விரும்பினால், அண்ணன் வந்தாரே, அதுவே பெரிது என்று சொல்லலாம். அவருக்கும் அது தெரியும். அழுகையின் பாதி அதற்காகத்தான் இருக்கும்.

ஆனால் எல்லா இடத்திலும் இதே அர்த்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண் பார்க்கப் போகும் இடத்தில் கை நனைக்காமல் வருவது கோபம் இல்லை, முறை. மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், காபியும் பலகாரமும் சாப்பிடுவார்கள், பெண் வீட்டார் சாப்பிட்டுப் போகலாமே என்பார்கள். "நல்லபடியாக முடியட்டும், அப்புறம் கை நனைக்கிறோம்" என்று பதில் வரும். சாப்பிட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்று சொல்வது இரண்டு பக்கத்துக்கும் கஷ்டம் என்பதால் இந்த ஏற்பாடு. பேசி முடித்து, பூ வைத்த பிறகு முதல் தடவை பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சில ஊர்களில் அந்தச் சாப்பாட்டுக்கே கை நனைத்தல் என்றுதான் பெயர். இங்கே கை நனைக்காதது 'இன்னும் இல்லை' என்ற பொருளில் வருகிறது. கல்யாண மண்டபத்தில் அண்ணன் செய்ததோ 'இனி இப்போதைக்கு இல்லை'. எது எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, அதற்கு முன்பு அந்த வீட்டில் அவர்கள் சாப்பிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான்.

நீங்கள் கான்பூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் இன்னொன்று. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத அப்பாக்களை உங்கள் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அதுவும் சாப்பிட மறுப்பதுதான், ஆனால் அதில் கோபம் கிடையாது. கொடுத்த இடத்திலிருந்து எதையும் திரும்ப எடுக்கக்கூடாது என்ற எண்ணம். கை நனைத்தலுக்கு அதைவிட நெருக்கமாக உங்கள் மொழியில் இருப்பது 'ரோட்டி-பேட்டி' உறவு என்ற பேச்சு. ரொட்டியும் பெண்ணும் யாரோடு கொண்டு கொடுக்கிறார்களோ அவர்கள்தான் தம் ஆட்கள் என்பது. இங்கே கொள்வினை கொடுப்பினை என்போம். அப்புறம் உங்கள் பக்கம் 'ஹுக்கா பானி பந்த்' என்று ஒருவரை ஊரே விலக்கி வைப்பார்கள் இல்லையா, அதற்கு எங்கள் கிராமங்களில் 'அன்னந்தண்ணி புழங்கக்கூடாது' என்று கட்டுப்பாடு போடுவார்கள். ஒருவரை மனிதக் கூட்டத்திலிருந்து வெட்டிவிட, சாப்பாட்டை வெட்டினால் போதும் என்று இரண்டு பக்கத்திலும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்ன பிறகு சாதியைச் சொல்லாமல் போக முடியாது. போகவும் கூடாது. "அவர்கள் வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை" என்ற வாக்கியத்தை நீங்கள் கேட்கும்போது அது எப்போதும் அண்ணன் தம்பி கோபமாக இருக்காது. பல நேரம் அது, அவர்கள் எங்களைவிடக் கீழே என்று சொல்வதன் மரியாதையான வடிவம். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பங்காளிக் கோபத்தில் ஒரு சம்பவம் இருக்கும், ஒரு தேதி இருக்கும், இரண்டு பேரும் மறுக்க முடியும். சாதி மறுப்பில் சம்பவம் எதுவும் இருக்காது, தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான் என்பார்கள், மறுப்பும் ஒரு திசையில் மட்டும்தான் போகும். அங்கே காபிக்குக்கூட விலக்கு இல்லை. நான் மேலே காபி கணக்கில் வராது என்று எழுதினேன். டீக்கடையில் ஒரு சாராருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்திருந்த, சில இடங்களில் இன்னும் வைத்திருக்கும் இரட்டைக் குவளை முறையை நினைத்தால் அந்த விதி யாருக்கு மட்டும் பொருந்துகிறது என்பது புரியும்.

இது வீட்டுக்குள் நடக்கும் விஷயம் மட்டுமில்லை, தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிய விஷயம். 1920களில் திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தேச விடுதலைக்காக உழைத்தவர், நல்ல நோக்கத்தோடு தொடங்கிய பள்ளி, காங்கிரஸ் நிதியும் கிடைத்தது. அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்பது வெளியே தெரிந்ததும் காங்கிரஸ் தலைவர்களாக இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார முடியாதா என்ற கேள்வி 1924, 1925 ஆண்டுகளில் காங்கிரசையே உலுக்கியது. 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். இன்றும் ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டில் பெரிய கோயில்களில் அரசு ஏற்பாட்டில் சமபந்தி விருந்து நடக்கிறது, அமைச்சர்களும் அதிகாரிகளும் மக்களோடு உட்கார்ந்து சாப்பிடும் படம் மறுநாள் நாளிதழில் வரும். வருடத்தில் ஒரு நாள் உட்கார்வதால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் எந்த இடத்தில் பிரித்தார்களோ அதே இடத்தில், இலையின் முன்னால், சேர்க்க வேண்டும் என்று நினைத்தது சரியான நினைப்பு.

உறவுக்குள் நடக்கும் கை நனைக்காமையை நான் புரிந்துகொள்கிறேன், சில நேரம் மதிக்கவும் செய்கிறேன். சாதிக்காக நடப்பதை மதிக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் நீங்கள் கேட்கும்போது எதற்காக என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுவிடுங்கள்.

'கை கழுவுதல்' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதுவும் கை, அதிலும் தண்ணீர். ஆனால் 'அவனைக் கை கழுவிவிட்டார்கள்' என்றால் இனி அவன் பொறுப்பு எங்களுக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள் என்று பொருள். சாப்பிட்டு முடித்தவர் "கை கழுவிவிட்டு வருகிறேன்" என்றால் மட்டும் நிஜமாகவே குழாயடிக்குப் போகிறார்.

சரி, நீங்கள் விருந்தாளியாகப் போகும்போது என்ன செய்வது? உங்களை அடுத்த வாரம் வளைகாப்புக்கு அழைத்திருக்கிறார்கள் என்றீர்கள், அவசரமாக வங்கிக்குத் திரும்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். இலை போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். விரதம், மருந்து, வயிறு சரியில்லை, இவை மூன்றும் எல்லா வீட்டிலும் ஏற்றுக்கொள்ளப்படும் காரணங்கள். நேரமில்லை என்பது மட்டும் ஏற்கப்படாது, அதைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் இலை போட்டுவிடுவார்கள். இலை போட்டு, சோறு விழுந்த பிறகு எழுந்திருக்கவே கூடாது. உட்காராமல் போனவரை மன்னிப்பார்கள், பாதி இலையில் எழுந்தவரை மறக்க மாட்டார்கள்.

முதல் தடவை கேட்டவுடனே உட்கார்ந்துவிடவும் வேண்டாம், இரண்டாவது, மூன்றாவது தடவை அழைப்பார்கள். அழைக்க வேண்டும் என்பதும் முறைதான். உண்ணுங்கள் உண்ணுங்கள் என்று உபசரிக்காதவர் வீட்டில் உண்ணாமல் இருப்பது கோடி பொன்னுக்குச் சமம் என்று ஔவையார் பெயரில் ஒரு தனிப்பாட்டு வழங்குகிறது. வற்புறுத்துவது உங்களுக்குத் தொல்லையாகத் தோன்றலாம். வீட்டுக்காரருக்கு வேறு வழி கிடையாது. அவர் அழுத்தி அழைக்காமல் விட்டு, நீங்களும் சாப்பிடாமல் போய்விட்டால், உங்களிடம் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று மறுநாள் பேச்சு வரும்.

நேரம் உண்மையிலேயே இல்லையென்றால் நின்றபடி பாயசம் மட்டும் குடித்துவிட்டு ஓடாதீர்கள். அது காபிக் கணக்கில்தான் போகும். ஓரமாக ஒரு இலை போடச் சொல்லி, கலந்த சாதம் ஒரு கை, தயிர்ச் சாதம் ஒரு கை என்று வாங்கிக்கொள்ளுங்கள். வளைகாப்பில் எப்படியும் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் எல்லாம் இருக்கும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கிளம்பும்போது யாராவது சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "கை நனைத்துவிட்டேன் அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த இடத்தில் அந்தச் சொல் மிகச் சரியாகப் பொருந்தும்.